பெரியப்பாவின் இடுப்பு ஃபிலிமும் நான் சொன்ன தப்பான பக்கமும்

மாண்டலேயில் ஒரு ஸ்கேன் சென்டரில் எம்.ஆர்.ஐ. எடுக்கும் வேலை எனக்கு. படம் எடுப்பவள் நான். அதைப் படித்து ரிப்போர்ட் எழுதுவது ரேடியாலஜிஸ்ட். ஆனால் சொந்தக்காரர்களுக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. "நம்ம பிள்ளை ஸ்கேன்லதானே இருக்கு" என்று தன்லினிலிருந்தும் பெகுவிலிருந்தும் ஃபிலிமை போனில் படம் பிடித்து அனுப்பிவிடுவார்கள். நானும் பல வருடமாகப் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். பெரியப்பா விஷயத்தில் மாட்டிக்கொண்ட பிறகுதான் நிறுத்தினேன். நிறுத்தினேன் என்றால் முழுக்க இல்லை, பதில் சொல்லும் விதம் மாறியது.

பெரியப்பா தன்லினில் இருக்கிறார். சிரியம் என்று அந்தக் காலத்துப் பெயரைச் சொல்லித்தான் அவர் இன்னும் பேசுவார். இடுப்பில் ஆரம்பித்து வலது பின்தொடை, கெண்டைக்கால் வழியாகக் குதிகால் வரை இழுக்கிற வலி. ரங்கூனுக்குப் பாலம் தாண்டிப் போய் எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தார்கள். மறுநாள் டாக்டரிடம் காட்ட வேண்டும். அதற்குள் என்ன ஏது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று ராத்திரி பத்து மணிக்குத் தம்பி, அதாவது பெரியப்பா மகன், வைபரில் ஒரு படம் அனுப்பினான்.

அங்கே கரண்ட் இல்லை. சார்ஜ் விளக்கு வெளிச்சத்தில் எடுத்த படம். ஃபிலிமின் கீழ்ப்பாதி மட்டும் இருந்தது, அதுவும் பக்கவாட்டில் சாய்ந்து. ஓரங்களைச் சுத்தமாக வெட்டியிருந்தான். நடுவில் விளக்கின் வெள்ளைத் திட்டு ஒன்று. கை ஆடியதில் எல்லாமே கொஞ்சம் கரைந்திருந்தது. ஆனாலும் பழகிய கண்ணுக்கு அது இடுப்பின் குறுக்குவெட்டுப் படங்கள் என்று உடனே தெரிந்தது. படத்தை நிமிர்த்திப் பார்த்தேன். ஃபிலிமின் ஒரு கட்டத்தில், முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு ஒரு பக்கமாகப் பிதுங்கி நிற்பதும் தெரிந்தது.

குறுக்குவெட்டுப் படத்தை நாங்கள் பார்க்கும் முறை இது: படுத்திருப்பவரின் காலடியில் நின்று தலையை நோக்கிப் பார்ப்பதுபோல. வயிறு மேலே, முதுகு கீழே. எனவே நம் இடது கைப் பக்கம் தெரிவது நோயாளியின் வலது பக்கம். அன்று பிதுக்கம் என் வலது கைப் பக்கம் தெரிந்தது. அப்படியென்றால் அவருக்கு இடது. "இடது பக்கம் ஜவ்வு விலகியிருக்கு" என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

"அக்கா, அப்பாவுக்கு வலது கால்லதானே வலி?" என்றான் தம்பி.

அந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. வலி இருக்கும் பக்கமும் படத்தில் இருக்கும் பக்கமும் ஒத்துப்போகாமல் இருப்பதும் உண்டுதான். வலியே இல்லாதவர்களின் முதுகை ஸ்கேன் செய்தாலும் ஜவ்வுப் பிதுக்கம் தெரிவது சாதாரணம். அது எனக்குத் தெரிந்திருந்ததுதான் வம்பாகப் போனது. "அப்படின்னா வலிக்குக் காரணம் இந்த ஜவ்வா இல்லாமலும் இருக்கலாம்" என்று இன்னொரு வரி சேர்த்தேன். பச்சைப் பொய்யைவிடப் பாதி தெரிந்த உண்மை மோசம்போலிருக்கிறது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பெரியப்பா, "ஆபரேஷன் பண்ணணும்னு சொன்னாலும் சொல்வாங்க, வேற எடத்துல கோளாறை வச்சுக்கிட்டு இதை அறுத்து என்ன பண்ண, நான் வரல" என்று டாக்டரிடம் போவதையே நிறுத்தப் பார்த்தார்.

காலையில் பெரியம்மா கூப்பிட்டு இதைச் சொன்னபோது வயிற்றைக் கலக்கியது. தம்பியிடம் ஃபிலிம் முழுவதையும், நான்கு மூலையும் தெரிய, ஜன்னல் கண்ணாடியில் வைத்து எடுத்து அனுப்பச் சொன்னேன். கூடவே, நேற்று எப்படி எடுத்தாய் என்றும் கேட்டேன். பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்து ஃபிலிமைத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தாராம். பெரியம்மா அவர் பக்கத்திலிருந்து விளக்கைக் காட்டியிருக்கிறார். தம்பி எதிரே நின்று எடுத்திருக்கிறான். ஃபிலிம் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிகிற பொருள். பெரியப்பா பார்த்தது முன்பக்கம் என்றால் தம்பி பார்த்தது பின்பக்கம். இடம் வலமாகியிருந்தது, வலம் இடமாகியிருந்தது. பிதுக்கம் இருந்தது அவருடைய வலது பக்கம்தான், வலி இருக்கும் அதே பக்கம்.

படம் சாய்ந்திருந்ததைப் பற்றி நான் நேற்று கவலைப்படவே இல்லை, அது சரிதான். சாய்ந்த படத்தைத் திருப்பி நிமிர்த்திவிடலாம். தலைகீழாக வந்தாலும், முதுகெலும்பின் முள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக் கீழே கொண்டுவந்தால் இடமும் வலமும் தானாகச் சரியாகிவிடும். ஆனால் பின்பக்கத்திலிருந்து எடுத்த படத்தை எத்தனை முறை சுழற்றினாலும் சரியாகாது. கண்ணாடியில் தெரியும் கை மாதிரி, சுழற்றச் சுழற்ற அது தவறான கையாகவே இருக்கும். சிக்கல் என்னவென்றால், இரண்டும் சேர்ந்து வரும்போது நாம் சுழற்றி நிமிர்த்தியதும் "சரி பண்ணிவிட்டோம்" என்ற நிம்மதி வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு புரட்டலைப் பற்றி யோசிக்கத் தோன்றுவதில்லை.

புரட்டலைக் காட்டிக்கொடுப்பது ஃபிலிமில் இருக்கும் எழுத்து. ஒவ்வொரு கட்டத்தின் ஓரத்திலும் பெயர், வயது, தேதி, படத்தின் எண், R அல்லது L என்ற குறி எல்லாம் சின்ன எழுத்தில் இருக்கும். பின்பக்கம் பார்த்தால் அவை கண்ணாடி எழுத்தாகத் தெரியும். இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. A, H, M மாதிரி எழுத்துகள் புரட்டினாலும் அப்படியே இருக்கும். மங்கலான படத்தில் A ஒன்று தெரிகிறது என்று நம்பிவிடக் கூடாது. R, P, அல்லது 4, 7 போன்ற எண்களைத் தேட வேண்டும்.

எழுத்து இல்லையென்றால் உடம்பையே சாட்சிக்குக் கூப்பிடலாம். இடுப்பின் மேல்பகுதிக் குறுக்குவெட்டில் முள்ளெலும்புக்கு முன்னால் இரண்டு பெரிய ரத்தக் குழாய்கள் இருக்கும். உருண்டையாக இருக்கும் மகாதமனி நோயாளியின் இடது பக்கம். சற்றுத் தட்டையாக இருக்கும் பெருஞ்சிரை வலது பக்கம். ஆனால் மகாதமனி நான்காம் இடுப்பு முள்ளெலும்பு அருகே இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. ஜவ்வுக் கோளாறு அதிகம் வருவது அதற்குக் கீழேதான். அங்கே இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரித் தெரியும். போதாக்குறைக்கு, வயிறு மூச்சில் அசைந்து படத்தைக் கெடுக்காமல் இருக்க முன்பக்கத்தை நாங்களே வேண்டுமென்று இருட்டாக்கிவிடுவதும் உண்டு. தம்பி அந்தப் பகுதியையும் சேர்த்து வெட்டியிருந்தான்.

இன்னொரு சாட்சி நெடுக்குவெட்டுப் படம். அதில் வயிறு நம் இடது கைப் பக்கமும் முதுகு வலது கைப் பக்கமும் இருக்குமாறுதான் வழக்கமாக அச்சடிப்போம். வயிறு வலது பக்கம் தெரிந்தால் ஃபிலிம் திரும்பியிருக்கிறது என்று சந்தேகப்படலாம். அந்த நெடுக்குவெட்டுகள் எல்லாம் ஃபிலிமின் மேல்பாதியில் இருந்தன. எனக்கு வந்தது கீழ்ப்பாதி.

ஏன் ஓரத்தை வெட்டினாய் என்று தம்பியைக் கடிந்துகொள்ளத்தான் போனேன். அவன் சொன்ன காரணத்தைக் கேட்டு வாயை மூடிக்கொண்டேன். முதலில் அதைக் குடும்பக் குழுவில் போட நினைத்தானாம். அப்பாவின் பெயரும் வயதும் எல்லோருக்கும் தெரிய வேண்டாமே என்று வெட்டியிருக்கிறான். நல்ல புத்திதான். ஆனால் பெயரை மறைக்க வேண்டுமென்றால் ஒரு காகிதத் துண்டைப் பெயர்மேல் மட்டும் வைத்தால் போதும். தேதி, குறி, எண் எல்லாம் இருக்கட்டும். அதைவிட நல்லது, குழுவில் போடாமல் ஒருவருக்கு மட்டும் அனுப்புவது. ஏனென்றால் பெயரும் எனக்குத் தேவைப்படலாம்.

பெயர் எதற்கு என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும். வீட்டில் நாம் ஒரு பெயர், அடையாள அட்டையில் பர்மியப் பெயர். ஃபிலிமில் வருவது அட்டைப் பெயர். குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, ஒரே பெயரில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். எனவே பெயரும் வயதும் தேதியும் சேர்ந்து ஒத்துப்போனால்தான் அது இன்னாருடைய ஃபிலிம் என்று சொல்லலாம். பெரியப்பா வீட்டில் இதுவும் நடந்தது. காலையில் தம்பி இரண்டு ஃபிலிம்களை அனுப்பினான், இரண்டும் ஒரே உறையில் இருந்ததாம். தேதியைப் பார்த்தால் ஒன்று இரண்டு வருடம் பழையது. அப்போது சைக்கிளிலிருந்து விழுந்ததற்கு எடுத்தது. ஓரம் வெட்டிய படமாக வந்திருந்தால் பழையது எது புதியது எது என்று எனக்கு எந்த வழியிலும் தெரிந்திருக்காது. இரண்டையும் ஒரே நாளில் எடுத்ததாக நினைத்து ஏதோ ஒரு கதை சொல்லியிருப்பேன்.

இனி மங்கலைப் பற்றி. "கொஞ்சம் மங்கல்தான், உங்களுக்குத் தெரியுமே" என்பார்கள். தெரிவதுபோல இருப்பதுதான் தொந்தரவு. பெரியப்பாவின் ஃபிலிமை வைத்தே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஃபிலிம் 14 அங்குல அகலம், 17 அங்குல உயரம். அகலத்தில் நான்கு, உயரத்தில் ஐந்து என்று மொத்தம் 20 கட்டங்கள். என் போனுக்கு வந்து சேர்ந்த முழு ஃபிலிம் படம் அகலத்தில் 1200 புள்ளி, உயரத்தில் 1600 புள்ளி. போன் எடுத்தது இதைவிடப் பெரிய படம்தான். அனுப்பும்போது செயலி சுருக்கிவிட்டது. படத்தில் ஃபிலிம் அகலத்தின் மூன்றில் இரண்டு பங்கைத்தான் பிடித்திருந்தது, மீதி ஜன்னல், கொசுவலை, பக்கத்து வீட்டுக் கூரை. ஆக, நான்கு கட்டங்களுக்கு 800 புள்ளி, ஒரு கட்டத்துக்கு 200. அந்தக் கட்டம் உடம்பில் காட்டுவது 20 சென்டிமீட்டர் அகலம். ஒரு புள்ளிக்கு ஒரு மில்லிமீட்டர்.

கேட்க மோசமில்லை போலிருக்கும். ஆனால் கை ஆடியதில் ஒவ்வொரு புள்ளியும் பக்கத்துப் புள்ளிகளோடு கலந்து மூன்று புள்ளி அகலத்துக்குப் பரவியிருந்தது. அதாவது மூன்று மில்லிமீட்டருக்குக் குறைந்த எதையும் அந்தப் படம் பிரித்துக் காட்டாது. காலுக்குப் போகும் நரம்பின் வேர் இறங்கிப் போகிற ஓரச் சந்து மொத்தமே சில மில்லிமீட்டர் ஆழம்தான். ஜவ்வு அந்த வேரைத் தொட்டுக்கொண்டு நிற்கிறதா, ஒதுக்கித் தள்ளியிருக்கிறதா, எலும்போடு சேர்த்து நசுக்குகிறதா என்பதெல்லாம் இந்த அளவில்தான் தீர்மானமாகும். டாக்டருக்குத் தேவையான கேள்வியும் அதுவேதான். "ஜவ்வு பிதுங்கியிருக்கிறது" என்பதை மங்கல் படத்திலும் சொல்லிவிடலாம். அது வேரை என்ன செய்கிறது என்று சொல்ல முடியாது.

இதில் இன்னொரு பக்கம் இருக்கிறது, இதை நான் ரொம்பத் தாமதமாகத்தான் உணர்ந்தேன். மங்கல் படத்தில் "இருக்கிறது" என்று சொல்வதும் "இல்லை" என்று சொல்வதும் சமமான தவறு அல்ல. பெரிதாக ஒன்று தெரிந்தால், அது உண்மையாகவே இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் ஒன்றும் தெரியவில்லை என்றால் அதற்கு அர்த்தமே இல்லை. படத்தில் இல்லையா, புள்ளிக்குள் கரைந்துவிட்டதா, விளக்கின் வெள்ளைத் திட்டுக்கு அடியில் இருக்கிறதா, வெட்டிய ஓரத்தில் போய்விட்டதா, யார் கண்டார்கள். ஆனால் சொந்தக்காரர்கள் கேட்பதோ அந்த ஒரு பதிலைத்தான்: "பயப்படும்படி ஒண்ணும் இல்லையே?" இப்போதெல்லாம் போன் படத்தைப் பார்த்து அதற்கு நான் ஆமாம் சொல்வதே இல்லை. கல் நெஞ்சுக்காரி என்று ஒரு சித்தி சொல்லிவிட்டார். சொல்லட்டும்.

போன்கள் இன்னும் ஒரு வேலை செய்கின்றன. இருட்டான இடத்தைத் தானாக வெளிச்சமாக்கும், ஓரங்களைத் தீட்டிக் கூர்மையாக்கும். குழந்தை முகத்துக்கு அது அழகு. எம்.ஆர்.ஐ. படத்தில் சாம்பல் நிறத்தின் அளவுதான் செய்தி: நீர் எவ்வளவு வெள்ளை, ஜவ்வு எவ்வளவு கறுப்பு, எலும்பின் ஒரு பகுதி மற்றதைவிட ஒரு படி வெளுத்திருக்கிறதா. போன் அதைத் தன் இஷ்டத்துக்கு மாற்றிவிடும். இதில் மிக மோசமானது காகிதத்தை ஸ்கேன் செய்யும் செயலி. ரசீதை எடுப்பதற்காக அது வெளுத்ததை இன்னும் வெளுக்க வைத்து, கறுத்ததை இன்னும் கறுக்க வைக்கும். தெளிவாக இருக்கட்டும் என்று ஒருவர் அப்படி அனுப்பினார். நடுவில் இருந்த சாம்பலெல்லாம் போய், படம் கரி வைத்து வரைந்த கோலம் மாதிரி வந்தது.

காலை வந்த படத்தில் பக்கத்தைச் சரிசெய்துவிட்டேன். அத்தோடு விட்டிருக்கலாம். நாக்கு சும்மா இருக்கவில்லை. நெடுக்குவெட்டில் அடியிலிருந்து எண்ணி, "நாலாவது அஞ்சாவது எலும்புக்கு நடுவுல" என்றும் சொன்னேன். அதாவது எல் 4, எல் 5. அதுவும் தப்பு.

இடுப்பில் வழக்கமாக ஐந்து முள்ளெலும்பு. கடைசிக்குக் கீழே, ஒன்றாக ஒட்டிப்போன திருவெலும்பு. அடியில் தெரியும் கடைசி ஜவ்வை எல் 5க்கும் திருவெலும்பின் முதல் துண்டான எஸ் 1க்கும் நடுவில் இருப்பதாக வைத்துக்கொண்டு மேலே எண்ணுவது எளிய வழி. ஆனால் சிலருக்குத் திருவெலும்பின் முதல் துண்டு முழுதாக ஒட்டாமல், அதற்குக் கீழேயும் ஒரு ஜவ்வு நன்றாகவே தெரியும். பெரியப்பா அந்த ரகம். நான் எண்ணத் தொடங்கிய ஜவ்வே திருவெலும்புக்குள் இருந்தது. ஒரு படி தவறிப்போனது. ரிப்போர்ட்டில் ரேடியாலஜிஸ்ட் இதைத் தெளிவாக எழுதி, எந்த முறையில் எண்ணினார் என்பதையும் சொல்லியிருந்தார். பிதுக்கம் எல் 5 – எஸ் 1, வலது பக்கம், வலது எஸ் 1 நரம்பு வேரை ஒதுக்குகிறது. குதிகால் வரை பின்பக்கமாக இழுக்கும் வலிக்கு அந்த வேர் பொருத்தமாகவே இருந்தது.

அவருக்கு எப்படித் தெரிந்தது? அவரிடம் இருந்தது ஃபிலிம் இல்லை, கணினியில் முழு ஸ்கேன். இடம் குறிப்பதற்காக முதலில் எடுக்கும் பெரிய படத்தில் மேலிருந்தே எண்ணிக்கொண்டு வர முடியும். இடுப்பு எம்.ஆர்.ஐ.யில் நாங்கள் எடுக்கும் படங்கள் நூற்றுக்கு மேலும் போகும். அதில் இருபது, நாற்பதைத்தான் பொறுக்கி ஃபிலிமில் அச்சடிப்போம். வெளிச்சம் எவ்வளவு, கறுப்பு வெள்ளை வேறுபாடு எவ்வளவு என்பதை அச்சடிக்கும்போதே முடிவு செய்துவிடுகிறோம், பிறகு மாற்ற முடியாது. எனவே ஃபிலிமே ஒரு பொறுக்கல்தான். அதை அப்பழுக்கில்லாமல் படம் பிடித்தாலும் பொறுக்கலின் படம்தான் கிடைக்கும். ஃபிலிமில் குறுக்குவெட்டுகள் எங்கெங்கே எடுத்தவை என்று காட்டும் கோடு போட்ட கட்டம் ஒன்று, எண்களோடு, பெரும்பாலும் ஒரு மூலையில் இருக்கும். அந்தக் கட்டம் இல்லாமல் இந்தக் குறுக்குவெட்டு எந்த ஜவ்வுடையது என்று சொல்வது குத்துமதிப்பு. தம்பியின் முதல் படத்தில் அந்த மூலை இல்லை.

அந்த ரிப்போர்ட் முதல் நாளே அதே உறைக்குள் மடித்துக் கிடந்தது என்பதுதான் எனக்கு இன்னும் ஆறாதது. ஆங்கிலத்தில் ஒரு பக்கம். "அது வெறும் பேப்பர்தானே அக்கா, படத்துலதானே எல்லாம் இருக்கும்" என்றான் தம்பி. நேர்மாறு. ஃபிலிமைப் பத்துப் படம் எடுத்து அனுப்புவதைவிட, எழுத்து தெரியும்படி அந்த ஒரு பக்கத்தை எடுத்து அனுப்பினால் நான் விளக்கிச் சொல்ல முடியும். காகிதத்து எழுத்து மங்கினாலும் மங்கியிருக்கிறது என்று நமக்கே தெரியும். படிக்க முடியாத சொல்லைப் படித்ததாக யாரும் நினைத்துக்கொள்வதில்லை. ஃபிலிம் அப்படி இல்லை, மங்கினாலும் ஏதோ ஒன்றைக் காட்டிக்கொண்டேதான் இருக்கும்.

அன்று காலை ரிப்போர்ட் வருவதற்கு முன்பே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் வேறு. அவற்றுக்குப் படமே தேவையில்லை. பாதத்தை மேலே தூக்க முடிகிறதா, முன்பாதத்தில் எழும்பி நிற்க முடிகிறதா? சிறுநீர் வராமல் அடைக்கிறதா, தெரியாமல் போகிறதா? உட்காரும் இடத்தில், தொடை இடுக்கில் மரத்துப்போயிருக்கிறதா? இவற்றில் ஒன்று புதிதாக வந்திருந்தாலும் ஃபிலிமை ஜன்னலில் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பெரியப்பாவுக்கு அப்படி எதுவும் இல்லை என்று பெரியம்மா சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. ராத்திரி முழுக்க நான் அவருடைய ஜவ்வைப் பற்றிப் பேசியிருக்கிறேன், அவரைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

இப்போது யாராவது ஃபிலிம் அனுப்புகிறேன் என்றால் முதலில் ரிப்போர்ட்டையும், சென்டரில் கொடுத்த சி.டி. இருக்கிறதா என்பதையும்தான் கேட்கிறேன். சி.டி. கொடுக்கவில்லை என்றால் கேட்டு வாங்கலாம். கொஞ்ச நாளைக்குக் கணினியில் வைத்திருப்பார்கள், வருடக்கணக்கில் வைத்திருப்பார்கள் என்று நம்ப வேண்டாம். அப்படியும் ஃபிலிம் படம்தான் வழி என்றால், எடுக்கும் விதத்தைச் சொல்கிறேன்.

பகலில், வெயில் நேராகப் படாத ஜன்னல் கண்ணாடியில், எழுத்து நேராகப் படிக்க வரும் பக்கம் நம்மைப் பார்க்க ஒட்ட வேண்டும். பின்னால் மரமோ கம்பியோ தெரிந்தால் கண்ணாடிக்கும் ஃபிலிமுக்கும் நடுவே வெள்ளைத் தாள் ஒன்று. ஃபிளாஷ் வேண்டாம், அறை விளக்கையும் அணைத்துவிடலாம், அப்போதுதான் நம் முகமும் சட்டையும் ஃபிலிமில் பிரதிபலிக்காது. போனை ஃபிலிமுக்கு இணையாகப் பிடித்து, ஃபிலிம்மேல் தொட்டுக் குவித்து, முதல் படத்தில் நான்கு மூலையும் வர எடுக்க வேண்டும். இதில் எனக்கு வேண்டியது வரிசையும் எழுத்தும் மட்டும். அடுத்து ஒவ்வொரு வரிசையாகக் கிட்டே போய், ஒன்றோடொன்று சற்று மேற்படியும்படி எடுக்க வேண்டும். முன்பு சொன்ன கணக்கில், நான்கு கட்டம் கொண்ட ஒரு வரிசையைப் போனைக் குறுக்காகப் பிடித்துப் படத்தின் 1600 புள்ளி அகலத்தில் நிரப்பினால், ஒரு கட்டத்துக்கு 200க்குப் பதில் 400 புள்ளி கிடைக்கும். படமாக அனுப்பாமல் ஃபைலாக அனுப்பினால் செயலியின் சுருக்கலும் இல்லை.

ராத்திரி, கரண்ட் இல்லை, அவசரம் என்றால் சார்ஜ் உள்ள லேப்டாப்பில் வெற்றுப் பக்கத்தைத் திறந்து வெளிச்சத்தை முழுதாக வைத்து, அதன்மேல் வெள்ளைத் தாள் போட்டு ஃபிலிமைப் பகுதி பகுதியாக வைத்து எடுக்கலாம். தாள் இல்லாமல் வைத்தால் திரையின் சின்னக் கட்டங்கள் படத்தோடு கலந்து வலை வலையாகத் தெரியும். சார்ஜ் விளக்கு, டார்ச் இரண்டும் ஆகாது. நடுவில் வெள்ளைத் திட்டு, சுற்றி இருட்டு. அந்தத் திட்டை நோய் என்று நினைத்து அலறியவர்களும் உண்டு.

இவ்வளவும் செய்து அனுப்பினால் நான் என்ன சொல்வேன் என்றால், இது எந்த உறுப்பு, எந்த வகை ஸ்கேன், ஃபிலிமும் ரிப்போர்ட்டும் ஒரே ஆளுடையதா, ஒரே தேதியா, ரிப்போர்ட்டில் உள்ள இந்தச் சொல்லுக்கு என்ன பொருள், அது ஃபிலிமில் எந்தக் கட்டத்தில் தெரிகிறது, டாக்டரிடம் என்ன கேட்கலாம். ரிப்போர்ட் சொல்லாத ஒன்றைப் போன் படத்தில் கண்டுபிடித்துச் சொல்வதில்லை. ரிப்போர்ட்டும் படமும் ஒத்துப்போகாததுபோலத் தோன்றினால், தவறு பெரும்பாலும் படத்தின் பக்கம் என்று வைத்துக்கொண்டு முதலில் எழுத்தைத் தேடுகிறேன்.

பெரியப்பாவைச் சமாதானப்படுத்த அரை நாள் ஆனது. நான் சொன்னது தப்பு என்று நானே போனில் அவரிடம் சொன்னேன். "நீயே எடுக்கிறவ, உனக்கே தப்பிப் போகுமா?" என்றார். போகும் பெரியப்பா, பின்பக்கத்திலிருந்து பார்த்தால் போகும் என்றேன். கடைசியில் போனார்கள். டாக்டர் காலைத் தூக்கிப் பார்த்து, குதிகால் தசைநாணைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, வலது பக்கம் பாதம் துள்ளுவது குறைவு என்று சொல்லி, கால் பலம் குறையாததால் ஆபரேஷன் இப்போது வேண்டாம், ஆறு வாரம் மருந்தும் பயிற்சியும் பார்ப்போம் என்றாராம்.

தம்பி அதையெல்லாம் ஒரு வரியில் முடித்துவிட்டு வேறு ஒன்றைத்தான் விஸ்தாரமாகச் சொன்னான். டாக்டர் ஃபிலிமை எடுத்து வெளிச்சப் பெட்டியில் செருகினாராம். ஒரு நொடி பார்த்தாராம். பிறகு ஒன்றும் பேசாமல் உருவி, புரட்டி, மறுபடியும் செருகினாராம். "அவரும் எழுத்தைத்தான் பார்த்தாரு அக்கா" என்றான்.